அம்மா இறந்த பிறகு அலுவலக டீம்ஸில் வந்த, பதில் கேட்காத செய்திகள்

சென்ற ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில், மன்னார்குடியில் என் அம்மா மாரடைப்பால் இறந்துபோனார். அப்பா முன்பே காலமாகிவிட்டார். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், விற்பனையாளர்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் வழங்கும் குழுவில் நான் வேலை பார்க்கிறேன். துக்கம் எப்படியிருக்கும் என்று ஓரளவு அறிந்திருந்தேன். ஆனால் அந்த நாட்களில் கைப்பேசியே ஒரு சுமையாகிவிடும் என்றும், அந்தச் சுமையால் சம்பளமும் பிடிக்கப்படும் என்றும், எங்கள் குழுவில் ஒரே ஒருவர் நாள்தோறும் அனுப்பிய சில வரிகளால்தான் வேலைக்குத் திரும்பிச் செல்ல எனக்குத் துணிவு வரும் என்றும் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அதே நிலையில் உள்ள ஒரு சக ஊழியருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் தயங்குகிறவர்கள் படிப்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாட்களில், அலுவலகத்தில் நாங்கள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் டீம்ஸ் செயலியில் வந்த செய்திகள் எல்லாமே அன்பினால் அனுப்பப்பட்டவைதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. "எப்படி இருக்கீங்க?", "என்ன ஆச்சு?", "சாப்பிட்டீங்களா?", "எப்போ வர்றீங்க?" என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே வேலைக் கேள்விகளும் வந்துகொண்டிருந்தன, ஏனென்றால் அம்மா இறந்தது காலாண்டுக் கணக்கை முடிக்கும் வாரம். ஜூன் மாதத்துக்கான டி.டி.எஸ். தொகையை 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். விற்பனையாளர்கள் பதிவு செய்த பில்களைக் காட்டும் 2பி அறிக்கை 14ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் வந்ததும் அதை எங்கள் பில்களோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டைச் செய்து வந்தவள் நான்தான். ஆகவே, "ஆழ்ந்த இரங்கல்கள்" என்ற வரிக்கு அடுத்த வரியிலேயே, "அந்த எக்செல் ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்கு?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

வீட்டிலோ பந்தல்காரருக்கு முன்பணம், சமையல்காரரிடம் எத்தனை இலை என்ற கணக்கு, பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் யாரை அழைப்பது என்று நிமிடத்துக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கூடத்தில் உறவினர்கள் பாயில் படுத்திருக்க, குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த கைப்பேசியை எடுத்துப் பார்ப்பேன். டீம்ஸ் சின்னத்தின் மேலிருந்த சிவப்பு வட்டத்தில் எண் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருவருக்குப் பதில் எழுதினால் மற்றவர்களுக்கும் எழுத வேண்டும் என்று தோன்றும். எழுதத் தொடங்கி அழித்தால், நான் தட்டச்சு செய்வது எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்ற எண்ணம் கூடுதல் பதற்றத்தைக் கொடுத்தது. திறந்து படித்துவிட்டால் Seen என்ற கண் அடையாளம் அவர்களுக்குக் காட்டிவிடும், படித்தும் பதில் சொல்லவில்லை என்று நினைப்பார்களே என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. சில நாட்களில் அந்தச் செயலியைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன்.

அதற்கான விலை மாதக் கடைசியில் தெரிந்தது. எங்கள் நிறுவனம் துக்க விடுப்பாக 3 நாட்கள் தருகிறது. தனியார் நிறுவனங்கள் துக்க விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லாததால், அதற்கு மேற்பட்ட நாட்களுக்கு ஈட்டிய விடுப்பை நாமே விண்ணப்பித்துத்தான் எடுக்க வேண்டும். 20ஆம் தேதிக்குள் இணையதளத்தில் விண்ணப்பித்துவிடுமாறு மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் டீம்ஸில் எழுதியிருந்தார். அந்தச் செய்தி இரங்கல்களுக்கும் நலம் விசாரிப்புகளுக்கும் கீழே புதைந்து கிடந்தது. நான் வேலைக்குத் திரும்பி அதைப் படித்தபோது அந்த மாதச் சம்பளப் பட்டியல் முடிக்கப்பட்டுவிட்டது; விண்ணப்பிக்கப்படாத நாட்கள் எல்லாம் சம்பளமில்லா விடுப்பாகக் கணக்கிடப்பட்டு, ஏறக்குறைய 20,000 ரூபாய் குறைவாகச் சம்பளம் வந்தது. கையிருப்பு முழுவதும் காரியச் செலவுக்குப் போயிருந்ததால் 5ஆம் தேதி வீட்டுக் கடன் தவணை வங்கியிலிருந்து திரும்பிவிட்டது. வங்கியும் கடன் நிறுவனமும் பிடித்த அபராதம் இரண்டும் சேர்த்து 1,100 ரூபாய்க்கு மேல். பிடித்த சம்பளம் அடுத்த மாதம் நிலுவையாக வந்து சேர்ந்தது. அபராதம் போனது போனதுதான்.

எனவே முதலில் சொல்ல விரும்புவது இதுதான். துக்கத்தில் இருப்பவர் முடிவெடுத்துத் தேதிக்குள் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருந்தால், அதை ஆறுதல் செய்தியோடு ஒரே இடத்தில் போடாதீர்கள். அதற்குத் தொலைபேசியில் அழையுங்கள். அவரால் பேச முடியாவிட்டால் அவர் வீட்டில் உடனிருக்கும் ஒருவரிடம், இன்ன தேதிக்குள் இன்னது செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்துவிடுங்கள். விடுப்பு போன்றவற்றை மேலாளரே அவர் சார்பில் பதிவு செய்ய வழி இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவிடம் குழுவில் ஒருவர் கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. எங்கள் நிறுவனத்தில் அதற்கு வழி இருந்தது என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

இனி அந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் குழுவில் எனக்கு மூத்தவர். நான் அக்கா என்று அழைப்பவர். அவருடைய கணவர் சில ஆண்டுகளுக்கு முன் இறந்தவர் என்பதால், இந்த நாட்களை உள்ளிருந்து அறிந்தவர். அம்மா இறந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவரிடமிருந்து முதல் செய்தி வந்தது. "அக்காதாம்மா. தினமும் சாயங்காலம் ரெண்டு வரி போடுவேன். எதுக்கும் நீ பதில் போட வேணாம், படிக்கவும் வேணாம். தொந்தரவா இருந்தா 'வேணாம்'னு ஒரே வார்த்தை போடு, நிறுத்திடுறேன், தப்பா எடுத்துக்க மாட்டேன்." மறுநாள் மாலை வந்தது இது: "அந்த 2பி வேலையை நான் எடுத்துக்கிட்டேன். ஃபைல் கிடைச்சிடுச்சு. உன்கிட்ட யாரும் கேட்க மாட்டாங்க." அதற்கு அடுத்த நாள்: "இன்னிக்கு இங்க நல்ல மழை. கேன்டீன்ல எல்லாரும் பஜ்ஜிக்கு வரிசையில நிக்கிறாங்க. உன்னை நினைச்சுக்கிட்டேன்."

இந்தச் செய்திகளை நான் டீம்ஸைத் திறக்காமலேயே படித்தேன். கைப்பேசித் திரை பூட்டியிருக்கும்போது அறிவிப்பாகத் தெரியும் இடத்துக்குள் அவை அடங்கிவிட்டன. அப்படிப் படிக்கும்போது Seen அடையாளமும் விழாது. உள்ளே காத்திருக்கும் மற்ற செய்திகளைக் கடந்து போக வேண்டியதும் இல்லை. அக்கா வேண்டுமென்றேதான் அவ்வளவு சிறிதாக எழுதியிருக்கிறார் என்பதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் எழுதும்போதும் இதை நினைவில் வையுங்கள். "ஹாய்" என்று ஒன்று, பெயர் சொல்லி ஒன்று, பிறகு விஷயம் ஒன்று என மூன்று துண்டுகளாக அனுப்பினால் கைப்பேசி மூன்று முறை அதிரும். முதல் இரண்டையும் பார்க்கிறவருக்கு ஏதோ கேள்வி வரப்போகிறது என்றே தோன்றும். ஒரே செய்தியாக, இரண்டு வரிக்குள், சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே வைத்து அனுப்புங்கள். பெயரை அட் குறியிட்டு இணைப்பதும், Important அல்லது Urgent என்று குறிப்பதும் இங்கே கூடாது. டீம்ஸில் Urgent என்று குறித்த செய்தி 20 நிமிடங்களுக்கு இரண்டிரண்டு நிமிடமாகத் திரும்பத் திரும்ப ஒலி எழுப்பும்.

கேள்விக்குறி இல்லாததாலேயே ஒரு செய்தி பதில் கேட்காததாகிவிடாது. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் நன்றாகப் புரியும். "சாப்பிட்டிருப்பீங்கன்னு நம்புறேன்" என்பது கேள்விதான். சாப்பிட்டேன் என்று சொல்லாவிட்டால் அனுப்பியவர் கவலைப்படுவாரே என்று மனம் உறுத்தும். "எது வேணும்னாலும் தயங்காம சொல்லுங்க" என்பது பெருந்தன்மையான வாக்கியம். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, அதை இவரிடம் கேட்கலாமா என்று எடைபோட்டு, பிறகு கேட்கும் வேலை முழுவதும் துக்கத்தில் இருப்பவர் தலையில் விழுகிறது. அதைவிட, அக்கா செய்ததுபோல், செய்து முடித்த ஒன்றைச் சொல்வது எவ்வளவோ மேல். "பதில் வேண்டாம், ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டால் போதும்" என்று எழுதிய நண்பர் ஒருவரும் இருந்தார். அவர் நோக்கம் நல்லதுதான். ஆனால் அது நாள்தோறும் வருகைப் பதிவு வைப்பது போன்றது. ஒருநாள் போடாவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டி வரும். தாயை இழந்தவர் ஆறுதல் செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதும் மனத்துக்கு ஒவ்வாததாக இருந்தது.

பதில் வேண்டாம் என்பதை அக்கா முதல் நாள் ஒருமுறைதான் சொன்னார். அதன்பின் அதைத் தன் நடத்தையால் காட்டினார். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் "பதில் வேண்டாம்" என்று எழுதியிருந்தால், பதில் என்ற ஒன்று இருக்கிறது என்பதை நாள்தோறும் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்திருப்பார். "நேத்து போட்டதைப் பார்த்தியா?" என்று அவர் ஒருபோதும் கேட்கவில்லை. நான் பல நாட்கள் மௌனமாக இருந்தபோதும் அவர் எழுத்தின் தொனி மாறவில்லை, நீளமும் கூடவில்லை. ஒருநாள் நான் தாங்க முடியாமல் நீளமாக எழுதிவிட்டபோது, "படிச்சேன்மா. பத்திரமா வெச்சிருக்கேன்" என்று மட்டும் பதில் வந்தது, மறுநாள் வழக்கமான இரண்டு வரி. நான் பேசத் தொடங்கிவிட்டேன், இனி தினமும் பேசுவேன் என்று அவர் எடுத்துக்கொள்ளாததால்தான் அதன் பிறகும் என்னால் பேசாமல் இருக்க முடிந்தது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காவின் செய்தி மாலைத் தேநீர் வேளையில் வரும், ஏறக்குறைய 4 மணிக்கு. காலையில் அலுவலகச் செயலியிலிருந்து செய்தி வந்தால் வேலைக்குக் கூப்பிடுவதுபோல் இருக்கும். இரவெல்லாம் விழித்திருந்து விடியற்காலையில் கண்ணயரும் நாட்களில் அது தூக்கத்தையும் கெடுக்கும். இரவு 10 மணிக்கு மேல் வந்தால், அவசரமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரும் செய்தியைப் பார்க்காமலே அடையாளம் கண்டுகொள்ளலாம். இதற்காகச் செய்திகளை முன்கூட்டியே எழுதி, Schedule send மூலம் வாரம் முழுவதற்கும் அடுக்கி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அன்றைக்கு நிலைமை என்னவென்று தெரியாமல் போய்ச் சேரும் செய்தி சில சமயம் வலிக்கும். அன்றைய மழையை அன்றைக்கு எழுதியதால்தான் அது நம்பும்படி இருந்தது.

பின்னாளில் படித்த ஒரு மருத்துவ ஆய்வு இதை எனக்கு இன்னும் தெளிவாக்கியது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, வீடு திரும்பிய பிறகு தொடர் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்த 843 பேரை இரு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள், முதலில் மாதம் ஒன்றாகவும் பிறகு இடைவெளி விட்டும், நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், விரும்பினால் எழுதுங்கள் என்ற பொருளில் சில வரிக் கடிதங்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் எந்தக் கோரிக்கையும் இல்லை. 2001இல் வெளியான முடிவுகளின்படி, கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலைகள் குறைவாக இருந்தன. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அது நோயாளிகளைப் பற்றிய ஆய்வு. துக்கத்தில் இருக்கும் அலுவலக ஊழியர்களைப் பற்றியது அல்ல என்பதால், அதே பலன் இங்கும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எதையும் கேட்காத ஒரு சிறு தொடர்பு, நின்றுவிடாமல் வரும்போது, அது பெறுகிறவரைச் சென்று சேர்கிறது என்பதை அது காட்டுகிறது.

நின்றுவிடாமல் என்பதுதான் கடினமான பகுதி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, உறவினர்கள் ஊருக்குப் பேருந்து ஏறிய பிறகுதான் வீட்டின் வெறுமை எனக்குத் தெரிந்தது. அலுவலகத்திலிருந்து வந்த செய்திகளும் அதற்குள் வற்றிப்போயிருந்தன. ஜூலை கடைசி வாரத்தில் வேலைக்குத் திரும்பியபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். அக்கா என்னிடமிருந்து மூன்று இருக்கைகள் தள்ளி உட்கார்ந்திருந்தும் மாலைச் செய்தியை நிறுத்தவில்லை. எல்லோர் முன்னாலும் வந்து கேட்டால் நான் அழுதுவிடுவேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "இன்னிக்கு மீட்டிங்ல நான் பேசுறேன், நீ கேட்டுக்கிட்டா போதும்" என்பது அந்த நாட்களின் செய்தி. மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில், என்னிடம் இருந்து எதை எடுத்துக்கொண்டார் என்பதைத் துல்லியமாக எழுதுவார். அதனால் ஒரே பில்லுக்கு இருவர் பணம் அனுப்பும் குழப்பம் வரவில்லை.

புரட்டாசி வாக்கில் அவர் குறைக்கத் தொடங்கினார். அதையும் சொல்லிவிட்டே செய்தார். "இனிமே திங்களும் வியாழனும் மட்டும் போடுறேன்மா. நடுவுல என்னைக்கு வேணும்னாலும் நீ போடலாம்." சொல்லாமல் நிறுத்தியிருந்தால், நான் பதில் போடாததால் வருத்தப்பட்டுவிட்டார் என்று நினைத்திருப்பேன். அந்த ஆண்டு வீட்டில் தீபாவளி இல்லை, அலுவலகக் குழுவில் காலையிலிருந்தே வாழ்த்துப் படங்கள் வந்துகொண்டிருந்தபோது, அவருடைய செய்தி தனியாக வந்தது: "இன்னிக்கு உனக்குப் பண்டிகை இல்லைன்னு எனக்குத் தெரியும்." இறந்த தேதி, அம்மாவின் பிறந்தநாள், முதல் பொங்கல், தலைத் திவசம் ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தினச் செய்தி நின்ற பிறகும் அந்த நாட்களில் எழுத வேண்டும்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் குழுவில் தங்களுக்குள் பேசி ஒருவரை, அதிகம் போனால் முறை வைத்து இருவரைத் தேர்ந்துகொள்வது நல்லது. எட்டுப் பேரும் நாள்தோறும் எழுதினால் அந்தச் சிவப்பு வட்டம் மறுபடியும் ஏறத் தொடங்கிவிடும். மேலாளர் அந்த ஒருவராக இல்லாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் எழுதுவதற்குப் பதில் சொல்லாமல் இருக்க ஊழியருக்கு மனம் வராது. கடவுள் படங்கள், பொன்மொழிகள், "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" போன்ற வரிகள், இறந்தவர் நல்ல இடத்துக்குப் போயிருப்பார் என்ற உறுதிமொழிகள் ஆகியவற்றை விட்டுவிடலாம். அவரவர் நம்பிக்கை வேறு. துக்கத்தில் இருப்பவர் நீங்களானால், டீம்ஸில் Settings, அதில் Privacy, அங்கே Read receipts என்பதை அணைத்துவிட்டால் படித்த அடையாளம் யாருக்கும் போகாது. சில நிறுவனங்களில் இந்த வசதி நிர்வாகத்தின் கையில் இருக்கும். நிலைச் செய்தியில், "விடுப்பில் இருக்கிறேன், வேலைக்கு இன்னாரை அணுகவும்" என்று எழுதி, எனக்குச் செய்தி எழுதுகிறவர்களுக்குக் காட்டு என்ற பெட்டியையும் குறித்துவிட்டால் பாதிக் கேள்விகள் வராமலே நின்றுவிடும். இதை உங்களுக்காக ஒருவர் தொலைபேசியில் படிப்படியாகச் சொல்லித் தந்தாலே பெரிய உதவி.

பதில் கேட்காமல் இருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. உயிரோடு இருக்க விருப்பமில்லை, நானும் போய்விடுகிறேன், என் கணக்கு விவரங்களை எல்லாம் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன் என்ற தொனியில் ஏதாவது வந்தால், அங்கே இரண்டு வரிச் செய்தியோடு நிற்கக் கூடாது. உடனே அழைத்துப் பேச வேண்டும். எடுக்காவிட்டால் வீட்டில் இருப்பவர்களை அழைக்க வேண்டும், முடிந்தால் ஆள் நேரில் போக வேண்டும். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லாமல் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

எல்லோருக்கும் இது பிடிக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். இந்த ஆண்டு எங்கள் குழுவில் ஒரு தம்பியின் அப்பா இறந்தபோது, அக்கா எனக்கு எழுதியதைப் போலவே முதல் செய்தியை நான் அவருக்கு எழுதினேன். இரண்டு நாட்களில், "வேணாம்க்கா, தப்பா நினைக்காதீங்க" என்று வந்தது. "சரிப்பா" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன், காரணம் கேட்கவில்லை. அவருடைய விடுப்பை 20ஆம் தேதிக்கு முன்பே மேலாளர் மூலம் பதிவு செய்ய வைத்தேன், அவர் பார்க்கும் விற்பனையாளர்களின் பில்களை நான் எடுத்துக்கொண்டேன், எதை எடுத்தேன் என்பதை அவர் திரும்பி வந்ததும் பார்ப்பதற்காக ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டேன்.